மூன்று பக்க அளவிலிருந்து முக்கோண மனையின் பரப்பு: வரைபடத்தைப் படிப்பது முதல் சென்ட் கணக்கு வரை

முக்கோண மனையின் பரப்பைக் கண்டுபிடிக்க ஹெரான் சூத்திரம் போதும். ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் போட்ட கணக்குதான். புதிதாகப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது சூத்திரத்தில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும்தான்: படத்தில் உள்ள எண்களில் எது பக்க அளவு என்று பிரிப்பதிலும், கிடைத்த விடை சரிதானா என்று பார்ப்பதிலும். அதனால் அந்த இரண்டு இடங்களுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முழுக்க ஒரே மனையை வைத்துக் கொள்வோம். தமிழ்நாட்டுப் புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில் வருகிற மாதிரியான படம். தெற்கே தெரு ஓரம், மேற்கே ஒரு வரப்பு, கிழக்கே ஒரு வரப்பு, வடக்கு முனையில் இரண்டு வரப்பும் சேர்கின்றன. மேற்குப் பக்கத்தில் 41.2 என்றும் கிழக்குப் பக்கத்தில் 37.8 என்றும் எழுதியிருக்கிறது. தெரு ஓரக் கோட்டில் நடுவே ஒரு கல் குறி; அதன் ஒரு புறம் 21.4, மறுபுறம் 32.2. மனைக்குள்ளே, வடக்கு முனையிலிருந்து தெரு ஓரத்துக்கு இறங்கும் புள்ளிக்கோட்டில் 29.0. அளவுகள் எல்லாம் மீட்டரில்.

## 1. கணக்குக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

புலப்படத்தின் தெளிவான நகல், ஒரு அளவுகோல், வர்க்கமூலம் போடும் கால்குலேட்டர். பட்டா நகலும் இருந்தால் கடைசியில் ஒப்பிட உதவும்.

நகல் மங்கலாக இருந்தால் அதை வைத்துக் கணக்கை ஆரம்பிக்க வேண்டாம். 3, 8 இரண்டும், 1, 7 இரண்டும் ஒன்றுபோல் தெரியும். தசமப் புள்ளி ஜெராக்ஸில் அழிந்துபோவதும் உண்டு, அப்போது 41.2 என்பது 412 ஆகத் தெரியும். இணையத்தில் பட்டா, புலப்படம் கிடைக்கிற சர்வே எண் என்றால் புதிதாக ஒரு நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

## 2. எது பக்க அளவு, எது இல்லை என்று பிரியுங்கள்

இந்தப் படத்தில் ஐந்து எண்கள் இருக்கின்றன. முக்கோணத்துக்கு வேண்டியவை மூன்றுதான். எண்ணை முதலில் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். மனையின் எல்லைக் கோட்டில் விரலை வைத்து, ஒரு மூலையில் தொடங்கி மறுபடி அதே மூலைக்கு வரும்வரை சுற்றி வாருங்கள். விரல் போன வழியில் இருந்த எண்கள் மட்டுமே பக்க அளவுகள்.

அப்படிச் சுற்றினால் 29.0 தானாக விலகிவிடும். அது முனையிலிருந்து தெரு ஓரத்துக்கு எடுத்த செங்குத்து அளவு, எல்லை அல்ல. பெரிய புலத்தில் உள்ளே குறுக்காக ஓடும் ஜி லைன் என்ற கோடும் அப்படித்தான்: புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்காகப் போட்டது. ஆனால் உங்கள் மனை அந்த முக்கோணங்களில் ஒன்றாகவே இருந்தால், அதே ஜி லைன் உங்களுக்கு ஒரு பக்கமாகிவிடும். கோட்டின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் விரலால் சுற்றச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது தெரு ஓரம். நடுவில் கல் இருப்பதால் ஒரே பக்கம் இரண்டு துண்டாக அளக்கப்பட்டிருக்கிறது. 21.4 + 32.2 = 53.6, இதுதான் பக்கத்தின் நீளம். கூட்டிய அளவு படத்தில் எங்கும் எழுதியிருக்காது. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: பெரிதாகத் தெரிகிற 32.2-ஐ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 41.2, 32.2, 37.8 என்று போட்டாலும் முக்கோணம் ஒழுங்காக உருவாகும், கால்குலேட்டரும் 577.48 சதுர மீட்டர் என்று சொல்லிவிடும். உண்மை விடை 776.10. கிட்டத்தட்ட 4.9 சென்ட் காணாமல் போகும். கணக்கில் எங்கும் பிழை தெரியாது.

கூட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் கல் நேர்கோட்டில்தான் இருக்கிறதா? அளவுகோலை தெரு ஓரத்தின் இரு முனைகளிலும் பொருத்திப் பாருங்கள். நடுக் கல் கோட்டிலிருந்து கொஞ்சம் விலகித் தெரிந்தால் அது முக்கோணமே அல்ல, நான்கு பக்க மனை. அதற்கு மூன்று அளவு போதாது. ஒரு குறுக்களவு வாங்கி, இரண்டு முக்கோணமாகப் பிரித்துத் தனித்தனியே போட்டுக் கூட்ட வேண்டும். தெரு முனையில் வளைவாக வெட்டப்பட்ட மனைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

## 3. படத்தின் விகிதத்தை வைத்து எண்களைச் சோதியுங்கள்

இரண்டு நிமிட வேலை. மங்கலான எழுத்தால் வந்த தவறும், விட்டுப்போன துண்டும் பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

புலப்படம் அளவுத்திட்டப்படி வரையப்பட்டது. அச்செடுக்கும்போது அது சுருங்கியோ பெருத்தோ போகும், ஆகவே படத்தில் எழுதியுள்ள அளவுத்திட்டத்தை உங்கள் தாளுக்கு அப்படியே நம்ப முடியாது. ஆனால் பக்கங்களுக்கு இடையிலான விகிதம் மாறாது.

தெரு ஓரம் தாளில் 7.5 செ.மீ. வருகிறது என்று வையுங்கள். 53.6 மீட்டருக்கு 7.5 செ.மீ. என்றால் ஒரு செ.மீ.க்கு 7.15 மீட்டர். அப்படியானால் மேற்குப் பக்கம் சுமார் 5.8 செ.மீ., கிழக்குப் பக்கம் சுமார் 5.3 செ.மீ. இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. கிழக்குப் பக்கம் 4.5 செ.மீ. வந்தால், 37.8 என்று நீங்கள் வாசித்தது 31.8 ஆக இருக்கலாம்.

மூன்று பக்கமும் ஒரே சமயத்தில் பொருந்தவில்லையா? தாளுக்குப் பொருந்துமாறு அகலத்தை மட்டும் இழுத்து அச்சாகியிருக்கும். வேறு அச்சு எடுத்துப் பாருங்கள். பத்திரத்தோடு கையால் போட்டு இணைத்த படத்துக்கு இந்தச் சோதனை செல்லாது, அவை பெரும்பாலும் அளவுத்திட்டம் இல்லாதவை.

## 4. மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள்

நம் படம் முழுக்க மீட்டரில் இருப்பதால் இங்கே வேலை இல்லை. பத்திரத்து அளவுகளோடு கலக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

அடி, அங்குலத்தில் எழுதியிருந்தால் அங்குலத்தை 12 ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும். 45 அடி 6 அங்குலம் என்பது 45.5 அடி, 45.6 அல்ல. சிலர் 45.6 என்றே பத்திரத்தில் எழுதியிருப்பார்கள். அது 45 அடி 6 அங்குலமா, 45.6 அடியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்கில் சேருங்கள். அடியை மீட்டராக்க 0.3048 ஆல் பெருக்குங்கள்.

பழைய படங்களில் அளவு லிங்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஆக ஒரு லிங்க் 0.66 அடி, ஏறத்தாழ 20 செ.மீ. இருபது சென்ட் நிலத்துக்கு 205, 266, 188 போல முழு எண்களாக, எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக எண்கள் தெரிந்தால் லிங்க் என்று சந்தேகப்படலாம். இதை மீட்டராக்க அவசரப்படாதீர்கள். லிங்கிலேயே கணக்கை முடித்தால் ஒரு வசதி இருக்கிறது, எட்டாம் பகுதியில் வருகிறது.

## 5. அரைச்சுற்றளவும் மூன்று வித்தியாசங்களும்

முதலில் மூன்று பக்கத்தால் முக்கோணம் உருவாகுமா என்று பாருங்கள். மிக நீளமான பக்கம் மற்ற இரண்டின் கூட்டலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 53.6, 41.2 + 37.8 = 79.0-ஐவிடக் குறைவு. சரி.

அடுத்து மூன்றையும் கூட்டிப் பாதியாக்குங்கள்:

```
s = (41.2 + 53.6 + 37.8) / 2 = 132.6 / 2 = 66.3
```

இனி இந்த 66.3-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கள். மனதில் வைத்துக்கொள்ளாமல் தாளில் எழுதுங்கள்.

```
66.3 - 41.2 = 25.1
66.3 - 53.6 = 12.7
66.3 - 37.8 = 28.5
```

கழித்துக் கிடைத்த மூன்று எண்களையும் கூட்டினால் மறுபடி 66.3 வரவேண்டும். 25.1 + 12.7 + 28.5 = 66.3. வராவிட்டால் கழித்தலில் பிழை. இந்தச் சோதனையைச் செய்யாமல் பெருக்கலுக்குப் போகக் கூடாது, ஏனென்றால் பெருக்கிய பிறகு எங்கே தவறினோம் என்று தேட வழியே இருக்காது.

பாதியாக்க மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. 132.6-ஐயே s ஆக வைத்தால் விடை 9500-க்கு மேல் போகும், பன்னிரண்டு மடங்கு. மேலே சொன்ன கூட்டல் சோதனை அதையும் பிடித்துவிடும்.

## 6. பெருக்கலும் வர்க்கமூலமும்

சூத்திரம் இது:

```
பரப்பு = √( s × (s-a) × (s-b) × (s-c) )
```

நான்கு எண்களையும் ஒரேயடியாகத் தட்டாமல் இரண்டிரண்டாகப் பெருக்குங்கள்.

```
66.3 × 25.1 = 1664.13
12.7 × 28.5 = 361.95
1664.13 × 361.95 = 602331.85
√602331.85 = 776.10
```

பரப்பு 776.10 சதுர மீட்டர். இடையில் எந்த எண்ணையும் முழு எண்ணாக்க வேண்டாம். கடைசி விடையை மட்டும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் போதும்.

சாதாரண கால்குலேட்டரில் முழுப் பெருக்கமும் திரையில் வந்த பிறகுதான் √ பொத்தானைத் தொட வேண்டும். நடுவில் தொட்டால் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மூலம் எடுத்துவிடும். அடியில் போடுகிறவர்களுக்குப் பெருக்கம் ஏழெட்டு இலக்கத்துக்குப் போகும். கைபேசித் திரையில் அது வேறு வடிவில் தெரிந்தாலும் பயப்படாமல் √ போடுங்கள்.

நிறைய மனைகளுக்குப் போட வேண்டுமென்றால் எக்செல் தாளில் B2, B3, B4 கட்டங்களில் பக்கங்களை இட்டு, இப்படி எழுதலாம்:

```
B5:  =(B2+B3+B4)/2
B6:  =SQRT(B5*(B5-B2)*(B5-B3)*(B5-B4))
```

B6-இல் `#NUM!` வந்தால் அந்த மூன்று அளவுக்கு முக்கோணமே கிடையாது. ஏதோ ஒரு எண்ணை மாற்றி இட்டிருக்கிறீர்கள்.

## 7. விடையை இரண்டு வழியில் சோதியுங்கள்

உச்ச வரம்பு. இரண்டு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் வருவதைவிட முக்கோணத்தின் பரப்பு ஒருபோதும் அதிகமாகாது. இரண்டு சிறிய பக்கங்களை எடுத்துக்கொண்டால் வரம்பு இன்னும் நெருக்கமாக இருக்கும். 41.2 × 37.8 ÷ 2 = 778.68. நம் விடை 776.10, வரம்புக்குச் சற்றே கீழே. வடக்கு முனை கிட்டத்தட்டச் செங்கோணமாக இருப்பதால்தான் இவ்வளவு நெருங்குகிறது. விடை இந்த வரம்பைத் தாண்டினால் கணக்கு நிச்சயம் தவறு.

மனை விற்பனையில் வழங்கும் ஒரு குறுக்குவழியை இந்த வரம்பு உடனே அடையாளம் காட்டும். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்குவது நாற்பக்க மனைக்குப் பழக்கமான முறை. முக்கோணத்தில் எதிரே பக்கம் இல்லாததால் பூஜ்யம் என்று வைத்து, 53.6-இன் பாதியையும் மற்ற இரண்டின் சராசரியையும் பெருக்குவார்கள்: 26.8 × 39.5 = 1058.6 சதுர மீட்டர். சென்ட்டில் 26.16. உண்மையான பரப்போ 19.18. வாங்குகிறவர் இல்லாத ஏழு சென்ட்டுக்குப் பணம் கொடுப்பார். சாய்ந்த பக்கத்தை உயரம்போல் எடுத்துக்கொள்வதுதான் இதில் உள்ள தவறு.

செங்குத்து அளவு. இரண்டாவது சோதனைக்கு, முதலில் ஒதுக்கி வைத்த 29.0 இப்போது பயன்படும். அது தெரு ஓரத்துக்குச் செங்குத்து, ஆகவே ½ × 53.6 × 29.0 = 777.2. ஹெரான் விடையோடு ஒரு சதுர மீட்டர்தான் வித்தியாசம். செங்குத்து அளவு ஒரு தசமத்துக்குச் சுருக்கி எழுதப்பட்டதால் வருவது அது, 776.10-லிருந்து திருப்பிக் கணக்கிட்டால் உயரம் 28.96. இப்படி நெருங்கி வந்தால் பக்கங்களைச் சரியாக வாசித்திருக்கிறீர்கள் என்று நம்பலாம். பத்து, இருபது சதுர மீட்டர் விலகினால் இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

## 8. சென்ட், சதுர அடி, ஏர்

மாற்றத்தைக் கடைசியில் ஒரே முறை செய்யுங்கள். பக்கங்களை முதலில் அடியாக்கிச் சுருக்கிவிட்டுப் போட்டால் சுருக்கலின் பிழை பரப்பில் பெருகும்.

ஒரு சென்ட் 40.4686 சதுர மீட்டர். 776.10 ÷ 40.4686 = 19.18 சென்ட். ஒரு சதுர மீட்டர் 10.7639 சதுர அடி, ஆக 8354 சதுர அடி. இதைச் சரிபார்க்க, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று வகுத்துப் பாருங்கள், மறுபடி 19.18 வரவேண்டும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர் என்பதால் இந்த மனை 7.76 ஏர்.

நீளத்தை மாற்றும் எண்ணால் பரப்பை மாற்றிவிடாதீர்கள். 776.10-ஐ 3.28 ஆல் பெருக்கி 2546 சதுர அடி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், 3.28 நீளத்துக்கு உரியது, பரப்புக்கு அதன் வர்க்கம் வேண்டும்.

இனி லிங்க். ஒரு ஏக்கர் என்பது 10 சதுரச் சங்கிலி, அதாவது 1,00,000 சதுர லிங்க். எனவே ஒரு சென்ட் சரியாக 1000 சதுர லிங்க். பழைய படத்தில் 205, 266, 188 லிங்க் என்று இருந்தால் s = 329.5, வித்தியாசங்கள் 124.5, 63.5, 141.5, பரப்பு 19,199 சதுர லிங்க். மூன்று இலக்கம் தள்ளிப் புள்ளி வைத்தால் 19.2 சென்ட். மீட்டருக்கு மாற்றுகிற வேலையே இல்லை.

குழி, மா கணக்கில் கேட்டால் அந்த ஊரில் குழி எத்தனை சதுர அடி என்று முதலில் கேளுங்கள். 144 சதுர அடிக் குழி பல இடங்களில் வழங்குகிறது, ஆனால் எல்லா ஊருக்கும் அது பொருந்தாது.

## 9. குறுகலான முக்கோணம் என்றால் மூன்று பக்கத்தை நம்பாதீர்கள்

நம் மனையில் மேற்குப் பக்கம் 10 செ.மீ. தவறாக அளக்கப்பட்டிருந்தால் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர் மாறும். தாங்கலாம். ஆனால் சாலைக்கு நிலம் எடுத்த பிறகு மிஞ்சுகிற நீளமான கீற்றுகளில் நிலைமை வேறு.

20.0, 31.0, 50.6 மீட்டர் பக்கங்கள் கொண்ட கீற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 78.7 சதுர மீட்டர். நீளப் பக்கத்தை 50.8 என்று அளந்திருந்தால் 55.9. அளவில் 20 செ.மீ. வித்தியாசம், பரப்பில் ஏறத்தாழ 29 சதவீதம். 50 மீட்டர் நீளத்தில் டேப் கொஞ்சம் தொய்ந்தாலே இவ்வளவு பிசகு வந்துவிடும். சூத்திரம் சரிதான்; ஆனால் s-இலிருந்து நீளப் பக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 0.2. 50.8 என்று போட்டால் அது 0.1 ஆகிவிடும். அளவுப் பிழை முழுவதும் அந்தச் சின்ன எண்ணில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே ஐந்தாம் பகுதியில் எழுதிய மூன்று வித்தியாசங்களில் ஒன்று மற்றவற்றைவிட மிகச் சிறியதாக, ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தால் ஹெரான் விடையை வைத்து விலை பேச வேண்டாம். நீளப் பக்கத்துக்கு முனையிலிருந்து செங்குத்து அளவை இடத்திலேயே எடுத்து, ½ × நீளம் × செங்குத்து என்று போடுங்கள். செங்குத்து அளவு சில மீட்டர்தான் இருக்கும் என்பதால் அதைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தோடு எடுப்பது எளிது. நீளப் பக்கத்தில் வரும் 20 செ.மீ. தவறு இந்த வழியில் அரை சதவீதத்தைத் தாண்டாது.

## 10. பட்டாவோடும் தரையோடும் ஒப்பிடும்போது

பட்டாவில் 7.75 ஏர் என்று இருந்து உங்களுக்கு 7.76 வந்தால் அது சுருக்கலால் வந்தது. அரை ஏர், ஒரு ஏர் என்று விலகினால் முதலில் உட்பிரிவு எண்ணைப் பாருங்கள்: பட்டாவில் உள்ள உட்பிரிவும் படத்தில் நீங்கள் சுற்றிய உட்பிரிவும் ஒன்றுதானா? பெரும்பாலும் பக்கத்து உட்பிரிவின் எல்லையையும் சேர்த்துச் சுற்றியிருப்பார்கள்.

தரையில் டேப் பிடித்துச் சரிபார்க்கிறவர்கள் சரிவைக் கணக்கில் கொள்ள வேண்டும். படத்தில் இருப்பது கிடைமட்ட அளவு. நீலகிரி, கொடைக்கானல் பக்கத்துச் சரிவு நிலத்தில் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் நீளம் கூடுதலாகத்தான் வரும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற சரிவில் 10 மீட்டர் 10.05 ஆகத் தெரியும். மூன்று பக்கமும் அப்படிக் கூடினால் பரப்பு ஒரு சதவீதம் அதிகமாகும். சரிவில் டேப்பைச் சிறு சிறு துண்டாக, ஒவ்வொரு முறையும் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்கிய முனையிலிருந்து தூக்குக் குண்டு விட்டுப் புள்ளியைத் தரையில் குறித்துக்கொண்டே போங்கள்.